லாபம் குறைந்த ஆண்டில் பங்குக்கான லாபம் கூடியது எப்படி?

முதலீடு பற்றிய வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு படம் வரும். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கைப் பக்கத்தை யாரோ கைப்பேசியில் எடுத்திருப்பார்கள். பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். மேல் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். கீழே இருக்கும் ஒரு சின்ன எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கும். பெரும்பாலும் அது 'இ.பி.எஸ்' எனப்படும் பங்கு ஒன்றுக்கான லாபம். அது போன ஆண்டைவிட ஏறியிருக்கிறது, ஆகவே நல்ல பங்கு என்று படத்தின் கீழே ஒரு வரியும் இருக்கும்.

அந்தச் சின்ன எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது. ஆப்பிள் நிறுவனத்தின் 2023 நிதியாண்டு அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு ஆப்பிளின் விற்பனை குறைந்தது, நிகர லாபமும் குறைந்தது. ஆனால் பங்கு ஒன்றுக்கான லாபம் கூடியது. மூன்றும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கின்றன. கணக்கில் தவறு ஏதும் இல்லை.

அட்டவணையின் முக்கிய வரிகள் இவை. எண்களை அங்கே உள்ளபடியே தருகிறேன்.

| | செப்டம்பர் 30, 2023 | செப்டம்பர் 24, 2022 |
|---|---|---|
| மொத்த விற்பனை | 383,285 | 394,328 |
| விற்பனைக்கான அடக்கச் செலவு | 214,137 | 223,546 |
| மொத்த லாபம் | 169,148 | 170,782 |
| ஆராய்ச்சி, நிர்வாகச் செலவுகள் | 54,847 | 51,345 |
| செயல்பாட்டு லாபம் | 114,301 | 119,437 |
| பிற வருமானம் / செலவு | (565) | (334) |
| வரிக்கு முந்தைய லாபம் | 113,736 | 119,103 |
| வரி | 16,741 | 19,300 |
| நிகர லாபம் | 96,995 | 99,803 |
| பங்குக்கான லாபம், பேசிக் | 6.16 | 6.15 |
| பங்குக்கான லாபம், டைலூட்டட் | 6.13 | 6.11 |
| பங்குகள், பேசிக் | 15,744,231 | 16,215,963 |
| பங்குகள், டைலூட்டட் | 15,812,547 | 16,325,819 |

முதலில் பார்க்க வேண்டியது எண்களை அல்ல, தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியை. புகைப்படத்தில் வெட்டுப்பட்டுப் போவதும் பெரும்பாலும் இந்த வரிதான். ஆப்பிள் அட்டவணையில் அது சொல்வது இது: தொகைகள் மில்லியன் டாலரில், பங்குகளின் எண்ணிக்கை மட்டும் ஆயிரத்தில், பங்கு ஒன்றுக்கான தொகை அப்படியே டாலரில். ஒரே பக்கத்தில் மூன்று அளவுகள் கலந்திருக்கின்றன. இது தெரியாவிட்டால் கடைசி இரண்டு வரிகளைப் பார்த்து, லாபத்தைவிடப் பெரிய ஏதோ ஒரு தொகை என்று நினைத்துவிடுவோம்.

ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். ஆகவே மில்லியனில் உள்ள எண்ணை 10ஆல் வகுத்தால் கோடி கிடைக்கும். 383,285 மில்லியன் டாலர் என்றால் 38,328 கோடி டாலர் சொச்சம். ஆயிரத்தில் உள்ள எண்ணை 10,000ஆல் வகுத்தால் கோடி. 15,812,547 ஆயிரம் பங்குகள் என்றால் ஏறக்குறைய 1,581 கோடி பங்குகள். காற்புள்ளி விழும் இடமும் நம் வழக்கத்தைப் போல இல்லை. நாம் 3,83,285 என்று எழுதுவதை அவர்கள் 383,285 என்று எழுதுகிறார்கள். ஜெர்மன் மொழி அறிக்கை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் வரும், அதாவது 6.13 என்பது 6,13 என்று இருக்கும்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் கழிக்க வேண்டிய எண். (565) என்றால் 565 மில்லியன் டாலர் கையை விட்டுப் போயிருக்கிறது என்று பொருள். மங்கலான படத்தில் அடைப்புக்குறி தெரியாமல் போகலாம், ஆனாலும் கண்டுபிடித்துவிடலாம். செயல்பாட்டு லாபம் 114,301இலிருந்து 565ஐக் கழித்தால் 113,736 வருகிறது. அடுத்த வரியில் அதே எண் இருக்கிறது. கூட்டியிருந்தால் 114,866 வந்திருக்கும், அது அட்டவணையில் எங்கும் இல்லை. நிதி அறிக்கையில் ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குச் சாட்சி. ஓர் எண் 3ஆ 8ஆ என்று படத்தில் தெளியவில்லையா? மேலும் கீழும் கழித்துப் பார்த்தால் போதும்.

இனி அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்குவோம்.

விற்பனை 2022ஐவிட 2.8 சதவிகிதம் குறைந்திருக்கிறது. அசல் அட்டவணை இந்த விற்பனையைப் பொருள்கள், சேவைகள் என இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. ஐபோன், மேக், ஐபேட் போன்ற பொருள்களின் விற்பனை சுமார் 6 சதவிகிதம் இறங்கியது. ஆப் ஸ்டோர், ஐகிளவுட், விளம்பரம் போன்ற சேவைகளின் வருவாய் 9 சதவிகிதம் ஏறியது. இந்த இரண்டிலும் 100 டாலர் விற்றால் நிற்கும் லாபம் ஒரே அளவு அல்ல. அடக்கச் செலவு போகப் பொருள்களில் சுமார் 36 டாலரும் சேவைகளில் சுமார் 71 டாலரும் நிற்கின்றன. லாபம் அதிகம் தரும் பக்கம் வளர்ந்து, குறைவாகத் தரும் பக்கம் சுருங்கியதால், விற்பனை 2.8 சதவிகிதம் விழுந்தும் மொத்த லாபம் 1 சதவிகிதம்தான் குறைந்தது. வியாபாரத்தைப் பற்றி இந்த அட்டவணை சொல்லும் மிக முக்கியமான செய்தி இதுதான் என்பது என் கருத்து. ஆனால் படங்களில் சிவப்பு வட்டம் இந்த இடத்தில் விழுவதே இல்லை.

அடுத்த வரியில் நிலைமை மாறுகிறது. ஆராய்ச்சிக்கு ஆப்பிள் முந்தைய ஆண்டைவிட 366 கோடி டாலர் அதிகம் செலவிட்டது. நிர்வாக, விற்பனைச் செலவு கொஞ்சம் குறைந்தும் அது போதவில்லை. அதனால் செயல்பாட்டு லாபம் 4.3 சதவிகிதம் இறங்கியது. அதற்குக் கீழே வரி வரி. வரிக்கு முந்தைய லாபத்தில் 2022ல் 16.2 சதவிகிதம் வரியாகப் போனது, 2023ல் 14.7 சதவிகிதம்தான் போனது. வரி குறைந்ததால் 4.3 சதவிகித இறக்கம் நிகர லாபத்தில் 2.8 சதவிகிதமாகச் சுருங்கிவிட்டது. நிகர லாபத்தை மட்டும் பார்ப்பவருக்கு விற்பனையும் லாபமும் ஒரே அளவு குறைந்ததாகத் தோன்றும். நடுவில் நடந்த மூன்று மாற்றங்களும் கண்ணில் படாது.

இப்போது வட்டம் போட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். நிகர லாபம் 99,803இலிருந்து 96,995ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் பங்குக்கான லாபம் 6.11 டாலரிலிருந்து 6.13 டாலராகக் கூடியிருக்கிறது. காரணம் அதற்கு நேர் கீழே இருக்கிறது. பங்குகளின் எண்ணிக்கை 1,632 கோடியிலிருந்து 1,581 கோடியாகக் குறைந்துவிட்டது. லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் பங்குக்கான லாபம். மேலே இருக்கும் எண் 2.8 சதவிகிதம் குறைந்தபோது, வகுக்கும் எண் 3.1 சதவிகிதம் குறைந்தது. விடை சற்றுக் கூடாமல் வேறென்ன செய்யும்? பங்குகளின் எண்ணிக்கை 2022ல் இருந்த அளவிலேயே நின்றிருந்தால், 2023இன் லாபத்துக்குப் பங்கு ஒன்றுக்கு 5.94 டாலர்தான் வந்திருக்கும்.

51 கோடி பங்குகள் எங்கே போயின? நிறுவனமே சந்தையிலிருந்து தன் பங்குகளை வாங்கி இல்லாமல் செய்துவிட்டது. இதைத்தான் பைபேக் என்கிறார்கள். ஐந்து பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு தென்னந்தோப்பு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 1 லட்சம். தோப்புக் கணக்கில் சேர்ந்திருந்த பணத்தைக் கொடுத்து ஒரு பங்காளியின் பாகத்தை எழுதி வாங்கிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு தோப்பின் வருமானம் 4,40,000 ரூபாயாகக் குறைந்தாலும், மிச்சமிருக்கும் நால்வருக்கும் தலைக்கு 1,10,000 கிடைக்கும். தோப்பு குறைவாகத்தான் காய்த்தது, ஆனால் ஆளுக்கு வந்தது அதிகம். விலகியவருக்குக் கொடுத்த பணம் மட்டும் இந்தக் கணக்கில் எங்கும் தெரியாது.

ஆப்பிள் அட்டவணையிலும் அந்தப் பணம் தெரியாது. 2023 நிதியாண்டில் பைபேக்குக்கு ஆப்பிள் கொடுத்தது 7,755 கோடி டாலர். அந்த ஆண்டு சம்பாதித்த நிகர லாபத்தில் ஏறக்குறைய 80 சதவிகிதம். அது செலவு அல்ல, பங்குதாரர்களுக்குத் திருப்பித் தந்த மூலதனம் என்பது கணக்கியல் விதி. அதனால் லாப நட்டக் கணக்கில் அது வராது. சில பக்கங்கள் தள்ளிப் பணப்புழக்க அறிக்கையில்தான் வரும். அந்தப் பக்கத்தை யாரும் படமெடுத்து அனுப்புவதில்லை.

பைபேக் மோசமானது என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தில் தொடர்ந்து இருப்பவருக்கு அதன் லாபத்தில் பெரிய பாகம் கிடைக்கிறது, அது உண்மையான நன்மை. ஆனால் பங்கை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தே அது நல்ல வியாபாரமா இல்லையா என்று சொல்ல முடியும். அதற்கான விடை இந்த அட்டவணைக்குள் இல்லை. ஆகவே பங்குக்கான லாபம் ஏறியதைக் கண்டதும் வியாபாரம் வளர்ந்தது என்று முடிவுகட்டுவது தவறு. 2023இல் ஏறியதற்கு முழுக் காரணம் பைபேக்.

பேசிக், டைலூட்டட் என்று இரண்டு வரிகள் இருப்பது புதியவர்களைக் குழப்பும். பேசிக் என்பது அந்த ஆண்டில் உண்மையாகவே இருந்த பங்குகளால் வகுத்தது. டைலூட்டட் என்பது ஊழியர்களுக்குத் தருவதாகச் சொல்லி இன்னும் கைக்கு வராத பங்குகளையும் சேர்த்து வகுத்தது. வகுக்கும் எண் பெரிதாவதால் டைலூட்டட் விடை சற்றுச் சிறிதாக இருக்கும். ஒப்பிடும்போது டைலூட்டட்டை டைலூட்டட்டோடுதான் ஒப்பிட வேண்டும். 2023இன் பேசிக் 6.16ஐயும் 2022இன் டைலூட்டட் 6.11ஐயும் அருகருகே வைத்தால், 2 சென்ட் ஏற்றம் 5 சென்ட் ஆகிவிடும். சாய்ந்த படத்தில் வரி மாறிப் படித்துவிட்டால் இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

படத்தில் உள்ள எண்கள் சரியாகத்தான் தெரிகின்றனவா என்று சோதிக்க நான் எப்போதும் செய்வது ஒரே ஒரு வகுத்தல். நிகர லாபத்தை டைலூட்டட் பங்குகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கைப்பேசிக் கால்குலேட்டரில் 96,995ஐ 15,812,547ஆல் வகுத்தால் 0.00613 என்று வரும். இலக்கங்கள் 613 சரியாக வந்துவிட்டன, தசமப் புள்ளி மட்டும் தள்ளி நிற்கிறது. மேலே மில்லியன், கீழே ஆயிரம் என்ற அளவு வேறுபாட்டால் வந்தது அது. 1,000ஆல் பெருக்கினால் 6.13. அளவு சொல்லும் வரி படத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும் இந்த வழியில் மீட்டுவிடலாம். மாறாக, 96,995ஐ 98,995 என்று தவறாகப் படித்திருந்தால் இலக்கங்களே 626 என்று மாறிவிடும். தசமம் தள்ளினால் அளவில் பிழை, இலக்கம் மாறினால் எண்ணைப் படித்ததில் பிழை.

இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. சிலர் பங்குகளின் எண்ணிக்கையை இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுப்பார்கள். அங்கே 2023 செப்டம்பர் கடைசியில் இருந்த 1,555 கோடி பங்குகள் காட்டப்பட்டிருக்கும். அதனால் வகுத்தால் 6.24 வரும், பொருந்தாது. ஆண்டு முழுவதும் பங்குகள் குறைந்துகொண்டே வந்ததால், லாப நட்டக் கணக்கில் ஆண்டு முழுமைக்குமான சராசரியைப் போடுகிறார்கள். வகுக்க வேண்டியது அந்தச் சராசரியால்தான்.

இன்னொரு செய்தி பத்தித் தலைப்பிலேயே இருக்கிறது. செப்டம்பர் 24, 2022. செப்டம்பர் 30, 2023. தேதிகளை எண்ணிப் பாருங்கள், இடையில் 371 நாட்கள். ஆப்பிளின் நிதியாண்டு செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை முடிகிறது. அதனால் பெரும்பாலான ஆண்டுகளில் 52 வாரங்கள், சில ஆண்டுகளில் 53 வாரங்கள். 2023க்கு 53 வாரங்கள் கிடைத்தன. கூடுதலாக ஒரு வாரம் விற்றும் விற்பனை 2.8 சதவிகிதம் குறைந்திருக்கிறது. வாரக் கணக்கில் பார்த்தால் உண்மையான இறக்கம் அதைவிடப் பெரிது.

பத்திகளின் வரிசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் அட்டவணையில் புதிய ஆண்டு இடப்பக்கம் இருக்கும், பழையது வலப்பக்கம் போகும். எல்லா நாட்டிலும், எல்லா நிறுவனத்திலும் இப்படி இல்லை. தலைப்பு வெட்டுப்பட்ட படத்தில் இடமிருந்து வலமாகக் காலம் ஓடுவதாக எண்ணிக்கொண்டால் இறக்கம் ஏற்றமாகத் தெரியும்.

பழைய படங்கள் இன்னும் ஆபத்தானவை. 2019ஆம் ஆண்டு வெளியான ஆப்பிள் அறிக்கையின் படம் யாரிடமாவது இருந்தால், அதில் டைலூட்டட் பங்கு லாபம் 11.89 டாலர் என்று இருக்கும். 2023இன் 6.13ஐ அதன் பக்கத்தில் வைத்தால் நிறுவனம் பாதியாகச் சுருங்கிவிட்டதாகத் தோன்றும். 2020 ஆகஸ்டில் ஆப்பிள் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளில் 2019இன் எண் 2.97 என்று திருத்தி அச்சிடப்பட்டது. 2.97க்கும் 6.13க்கும்தான் ஒப்பீடு செல்லும், அதாவது நான்கு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றம். பங்கு பிரிப்பு நடந்த நிறுவனம் என்றால், இரண்டு வெவ்வேறு ஆண்டு அறிக்கைகளின் படங்களை ஒட்டிவைத்துப் பார்க்கவே கூடாது. இரண்டு ஆண்டுகளும் ஒரே அட்டவணையில் இருக்கும் பக்கம் வேண்டும். அமெரிக்கச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்.இ.சி.யின் எட்கர் இணையதளத்தில் முழு அறிக்கைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. படம் வந்ததும் அங்கே போய் அதே பக்கத்தைத் திறந்துவிட்டால் வெட்டுப்பட்ட வரிகள் எல்லாம் கிடைத்துவிடும்.

2023இல் நடந்ததற்கு நேர் எதிரானது அடுத்த ஆண்டே நடந்தது. 2024 நிதியாண்டில் ஆப்பிளின் விற்பனை 39,103 கோடி டாலராகக் கூடியது. செயல்பாட்டு லாபம் கிட்டத்தட்ட 8 சதவிகிதம் ஏறியது. பைபேக் தொடர்ந்ததால் பங்குகளும் 1,541 கோடியாகக் குறைந்தன. எல்லாம் பங்குக்கான லாபத்தை உயர்த்தும் பக்கம்தான் தள்ளின. ஆனால் டைலூட்டட் எண் 6.13இலிருந்து 6.08ஆக இறங்கியது. சிவப்பு வட்டத்தை மட்டும் பார்ப்பவர் 2023ஐ நல்ல ஆண்டு என்றும் 2024ஐக் கெட்ட ஆண்டு என்றும் சொல்லுவார்.

காரணம் வரிக்கான வரியில் இருந்தது. 1,674 கோடி டாலராக இருந்த வரி ஒரே ஆண்டில் 2,975 கோடி ஆனது. அயர்லாந்து ஆப்பிளுக்குக் கொடுத்த வரிச் சலுகை சட்டவிரோதமானது என்று ஐரோப்பிய ஆணையம் 2016இல் சொல்லியிருந்தது. அதை ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பர் 10 அன்று உறுதிசெய்தது. பல ஆண்டுகளுக்கான பாக்கி, ஆப்பிளின் நிதியாண்டு முடிய மூன்று வாரங்கூட இல்லாத நேரத்தில், அந்த ஒரே ஆண்டின் கணக்கில் விழுந்தது. நிகரமாகச் சுமார் 1,020 கோடி டாலர். இந்த ஒற்றைச் சுமையை ஒதுக்கிவிட்டு வகுத்தால் 2024இன் பங்குக்கான லாபம் 6.75 டாலர். 6.08, 6.75 இரண்டுமே சரியான எண்கள்தான். முதல் எண் அந்த ஆண்டில் பங்குதாரருக்கு உண்மையில் மிஞ்சியதைச் சொல்கிறது. வியாபாரம் எப்படி நடந்தது என்று அறிய விரும்புபவர் இரண்டாவது எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த 6.75 தணிக்கையான அட்டவணையில் அச்சாவதில்லை. வரிச் செலவு ஏன் திடீரென்று எகிறியது என்று கேட்டு, அறிக்கையின் குறிப்புகளில் வரிப் பகுதியைத் திறந்து படிப்பவருக்குத்தான் அந்தக் கணக்கைப் போட வழி கிடைக்கும்.